செலக்ட் ஆல் கேள்வி: சந்தேகமான விடையைக் குறிப்பதா, விடுவதா?

கேள்வி: வார்டில் ஆறு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இப்போது அமெரிக்க நர்ஸ் உரிமத்துக்கான என்க்ளெக்ஸ்-ஆர்என் தேர்வுக்குப் படிக்கிறேன். ஒரே விடை கேட்கும் கேள்விகள் ஓரளவு வந்துவிடுகின்றன. பொருந்தும் அத்தனையையும் குறிக்கச் சொல்லும் 'செலக்ட் ஆல் தட் அப்ளை' வந்தால்தான் தடுமாற்றம். மூன்றைச் சரியாகக் குறித்துவிட்டு, 'இதுவும் இருக்குமோ' என்று நாலாவதாக ஒன்றைச் சேர்த்துக் கெடுத்துவிடுகிறேன். இல்லையென்றால் பயந்துகொண்டு சரியானதையே விட்டுவிடுகிறேன். எத்தனை விடை இருக்கும் என்று ஏதாவது கணக்கு உண்டா? இப்போது பாதி மார்க் கிடைக்குமாமே, அப்படியானால் துணிந்து குறிக்கலாமா?

பதில்: எண்ணிக்கைக்குக் கணக்கு கிடையாது. ஒன்று மட்டும் சரியாக இருக்கலாம், கொடுத்த அத்தனையும் சரியாக இருக்கலாம். "ரெண்டுக்குக் குறையாது, எல்லாமும் வராது, பெரும்பாலும் மூணுதான்" என்று தோழிகள் சொல்லியிருப்பார்கள். அதை நம்பி உட்கார்ந்தால், மூன்று கிடைத்ததும் நாலாவது தெரிவை அரைக்கண்ணால் பார்ப்பீர்கள். இரண்டே கிடைத்தால் மூன்றாவதைத் தேடி இழுத்துக்கொண்டு வருவீர்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் இரண்டு தவறுகளும் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

பாதி மார்க் விஷயம் உண்மைதான், ஆனால் உங்களுக்குச் சொன்னவர் முழுதாகச் சொல்லவில்லை. 2023 ஏப்ரல் 1-க்கு முன்பு இந்தவகைக் கேள்விக்கு எல்லாம் சரியாக இருந்தால்தான் மார்க், இல்லையென்றால் பூஜ்யம். அன்றிலிருந்து வந்த புதிய முறையில், சரியான தெரிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க் கூடும், தவறான தெரிவைக் குறித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க் கழியும். கழித்துக் கழித்து மைனஸுக்குப் போகாது. அந்தக் கேள்விக்குப் பூஜ்யத்தோடு நின்றுவிடும். சரியானதைக் குறிக்காமல் விட்டால் அந்த ஒரு மார்க் வராது, தனியாகத் தண்டனை எதுவும் இல்லை. பழைய புத்தகங்களும் பழைய வீடியோக்களும் முந்தைய விதியை வைத்தே அறிவுரை சொல்கின்றன, அதனால்தான் ஆளுக்கொன்று சொல்வதாகத் தோன்றுகிறது.

இந்த விதியிலிருந்தே உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை வந்துவிடுகிறது. சந்தேகமான ஒரு தெரிவைக் குறித்தால், சரியாக இருந்தால் ஒன்று கூடும், தவறாக இருந்தால் ஒன்று போகும். ஆகவே 'ஆமாம்' பக்கம் 'இல்லை' பக்கத்தைவிடத் தெளிவாகக் கனமாக இருந்தால் குறியுங்கள். இரண்டும் சமமாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். அந்த நிலையில் குறிப்பதால் நீண்ட கணக்கில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, ஏற்கெனவே சரியாகக் குறித்ததைப் பணயம் வைப்பதுதான் மிச்சம். 'சும்மா இருக்கட்டும்' என்று குறிப்பதற்கு இந்தத் தேர்வில் இடமில்லை. ஒரே ஒரு விலக்கு: எதிலுமே உறுதி இல்லாத கேள்வி. விடை குறிக்காமல் அடுத்த கேள்விக்குப் போக முடியாது, பூஜ்யத்துக்குக் கீழேயும் இறங்காது. அப்போது இருப்பதில் அதிக நம்பிக்கை உள்ள ஒன்றை மட்டும் குறித்துவிட்டு நகருங்கள்.

சரி, 'ஆமாம்' கனமா 'இல்லை' கனமா என்று எடை போடுவது எப்படி? அதற்கு ஸ்டெம் எனப்படும் கேள்விப் பகுதியைப் படிக்கும் விதம்தான் முக்கியம். ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு முழுதாகப் போய்ப் பார்ப்போம். திரையில் ஆங்கிலத்தில் வருவதைத் தமிழில் தருகிறேன்.

"ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள நோயாளி வார்ஃபரின் மாத்திரையுடன் வீட்டுக்கு டிஸ்சார்ஜ் ஆகிறார். மருந்து பற்றி நர்ஸ் விளக்கி முடித்திருக்கிறார். நோயாளி சொல்லும் எந்தெந்த வாக்கியங்கள், அவருக்கு மேலும் விளக்கம் தேவை என்று காட்டுகின்றன? பொருந்தும் அனைத்தையும் தேர்ந்தெடுக்கவும்."

தெரிவுகள்: 1. "பல் தேய்க்க மென்மையான பிரஷ் வாங்கிக்கொள்கிறேன்." 2. "தலைவலி வந்தால் ஆஸ்பிரின் போட்டுக்கொள்கிறேன்." 3. "இனிமேல் கீரையே சாப்பிட மாட்டேன்." 4. "சொன்ன தேதியில் வந்து ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறேன்." 5. "ஒருநாள் மறந்துவிட்டால் மறுநாள் ரெண்டாகப் போட்டுக்கொள்கிறேன்." 6. "பல் மருத்துவரிடம் போனால் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிடுகிறேன்."

முதலில் கடைசி வாக்கியத்தைப் படியுங்கள். நோயாளியின் நோய், மருந்து எல்லாம் பிறகு. கடைசி வாக்கியத்தில்தான் கேள்வி எந்தத் திசையில் நிற்கிறது என்பது இருக்கிறது. இங்கே 'மேலும் விளக்கம் தேவை' என்கிறது, அதாவது நோயாளி தவறாகப் புரிந்துகொண்டதைக் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் 'ஃபர்தர் டீச்சிங்' என்று வரும். 'டீச்சிங் ஹேஸ் பீன் எஃபெக்டிவ்' என்று வந்தால் நேர் எதிர்த் திசை: நோயாளி சரியாகச் சொன்னதைக் குறிக்க வேண்டும். 'எக்ஸ்பெக்டட்', 'ரிக்வயர் ஃபாலோ-அப்' ஜோடியும் இப்படித்தான். முதலாவது எதிர்பார்க்கக்கூடிய மாற்றத்தைக் கேட்கிறது, இரண்டாவது சும்மா விட முடியாததைக் கேட்கிறது. பாடம் நன்றாகத் தெரிந்தும் திசையைத் தவறவிட்டுப் பூஜ்யம் வாங்குவது இந்தவகைக் கேள்வியில் சகஜம்.

அடுத்து, அந்த வாக்கியத்தை ஆமாம்-இல்லை என்று பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியாக மனசுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். தமிழிலேயே சொல்லிக்கொள்ளலாம். இங்கே அது: "இதைச் சொல்லும் நோயாளியை உட்காரவைத்து நான் மறுபடி விளக்க வேண்டுமா?" ஒவ்வொரு தெரிவிடமும் இந்த ஒரே கேள்வியை, இதே வார்த்தைகளில் கேளுங்கள். தெரிவு சரியா தவறா என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் நாலாவது தெரிவுக்கு வருவதற்குள் 'சரியானதைக் குறிக்கணும்' என்ற பழைய பழக்கம் உள்ளே புகுந்து, திசை மாறிவிடும்.

இப்போது ஒவ்வொன்றாக. மென்மையான பிரஷ்: ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, ஈறில் ரத்தம் வராமல் பார்த்துக்கொள்கிறார், மறுபடி விளக்க வேண்டியதில்லை. இல்லை. ஆஸ்பிரின்: வார்ஃபரினோடு அதைச் சேர்த்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும், அவராக எடுத்துக்கொள்ளக் கூடாது, விளக்க வேண்டும். ஆமாம். ஐ.என்.ஆர். தேதி: இல்லை. ரெண்டு மாத்திரை: மறந்த டோஸை அதே நாளில் நினைவு வந்தால் போடலாம், மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது. ஆமாம். பல் மருத்துவரிடம் சொல்வது: சொல்லத்தான் வேண்டும், மறுபடி விளக்க ஒன்றும் இல்லை. இல்லை.

கீரையை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். கீரையில் வைட்டமின் கே இருக்கிறது, அது வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அது தெரிந்ததாலேயே 'கீரையை நிறுத்துகிறேன்' என்பது நல்ல நோயாளி பேசும் பேச்சாகக் காதில் விழுகிறது. ஆனால் நாம் சொல்லித்தரும் பாடம் நிறுத்தச் சொல்வதில்லை; வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடச் சொல்கிறது. அவர் வழக்கமாகச் சாப்பிடும் அளவுக்கு ஏற்ப டோஸ் சரிசெய்யப்படும். திடீரென்று கீரையை அடியோடு விட்டால் ஐ.என்.ஆர். ஏறிவிடலாம், மறுபடி ஒருநாள் நிறையச் சாப்பிட்டால் இறங்கிவிடலாம். ஆகவே இவருக்கு மறுபடி விளக்கியாக வேண்டும். ஆமாம். இங்கே முடிவு முழுவதும் 'கீரையே' என்பதில் உள்ள அந்த ஏகாரத்தில் தொங்குகிறது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் 'எனி', 'ஆல்', 'கம்ப்ளீட்லி' மாதிரி ஒரு சின்னச் சொல் இருக்கும். அரைகுறையாகத் தெரிந்த விஷயம் வரும் தெரிவில் இந்தச் சின்னச் சொற்களைத் தேடிப் பாருங்கள்.

இதைக் கேட்டதும் "அப்போ 'நெவர்', 'ஆல்வேஸ்' வந்தால் எப்போதும் தவறு" என்று ஒரு சூத்திரம் செய்துகொள்ளாதீர்கள். "மறந்த டோஸுக்காக மறுநாள் ஒருபோதும் ரெண்டாகப் போட மாட்டேன்" என்பதிலும் 'ஒருபோதும்' இருக்கிறது. அது முழுக்கச் சரியான வாக்கியம்.

ஆக, குறிக்க வேண்டியவை 2, 3, 5. மொத்தம் மூன்று மார்க். இதையே வெவ்வேறு ஆட்கள் எப்படிக் குறித்தால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். கீரையில் சந்தேகப்பட்டு 2, 5 மட்டும் குறித்தவருக்கு இரண்டு. 2, 3, 5 குறித்துவிட்டு, 'பிரஷ் வாங்கினால் மட்டும் போதாது, ஷேவிங்கும் இருக்கே' என்று யோசித்து 1-ஐயும் சேர்த்தவருக்கு மூன்றில் ஒன்று போய் இரண்டு. கீரையை விட்டுவிட்டுப் பல் மருத்துவரைச் சேர்த்து 2, 5, 6 என்று குறித்தவருக்கு ஒன்றுதான். எல்லாவற்றையும் குறித்தவருக்கு மூன்று கூடி மூன்று கழிந்து பூஜ்யம். திசையைத் தவறவிட்டு 1, 4, 6 குறித்தவருக்கும் பூஜ்யம். அவருக்கு வார்ஃபரின் பாடம் கரதலப் பாடமாகவே இருந்திருக்கலாம். பழைய விதியில் இந்த ஐந்து பேருக்கும் பூஜ்யம்தான். இப்போது முதல் இருவருக்கும் கிடைப்பது அதே இரண்டு மார்க். ஒருவர் தெரியாததை விட்டார், மற்றவர் தேவையில்லாததைச் சேர்த்தார். மதிப்பீட்டில் இரண்டும் ஒரே எடை. 'விட்டால் பாதுகாப்பு' என்று எல்லாவற்றையும் விட்டுக்கொண்டு போவதும் அதனால் சரியான வழி அல்ல.

ஷேவிங் ஞாபகம் வந்தவர் செய்த தவறு உங்களைப் போல வார்டு அனுபவம் உள்ளவர்களிடம் அதிகம். தெரிவில் இல்லாததை அவரே கொண்டுவந்து சேர்த்தார். "இவருக்குச் சர்க்கரையும் இருந்தால்?", "வீட்டில் ஆள் இல்லையென்றால்?" என்று எண்ணம் ஓடத் தொடங்கினால் எந்தத் தெரிவையும் சரியாக்கலாம், எதையும் தவறாக்கலாம். ஸ்டெம்மில் அச்சிட்டிருக்கும் நோயாளி மட்டும்தான் உங்கள் நோயாளி. அதே மாதிரி, உங்கள் வார்டில் வழக்கமாகச் செய்வதும் தேர்வு கேட்பதும் சில இடங்களில் வேறுபடும். ஆட்கள் குறைவாக இருப்பதால் விடுபடும் ஒரு படி, தேர்வுத் தாளில் விடுபடாது. நேரமும் ஆட்களும் பொருள்களும் போதுமான அளவு இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

இன்னொரு தவறு சற்று நுட்பமானது: தெரிவு உண்மையாக இருக்கும், ஆனால் கேட்டதற்குப் பதிலாக இருக்காது. இதயச் செயலிழப்புக்கு டிகாக்ஸினும் ஃபுரோசிமைடும் எடுக்கும் ஒருவர். "டிகாக்ஸின் கொடுப்பதற்கு முன் எவற்றை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்?" என்று கேள்வி. ஏபிக்கல் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 54, பொட்டாசியம் 3.0, விளக்கைச் சுற்றி மஞ்சளாக வளையம் தெரிகிறது என்ற புகார்: இவை மூன்றும் டிகாக்ஸின் நச்சுத்தன்மையின் பக்கம் கைகாட்டுகின்றன, குறித்துவிடுவீர்கள். நாலாவதாக 'கால் வீக்கம் நேற்றைவிடக் குறைந்திருக்கிறது' என்று இருக்கும். அது உண்மை, முக்கியமானதும்கூட, சார்ட்டில் எழுதவும் வேண்டும். ஆனால் அது ஃபுரோசிமைடு வேலை செய்வதன் அடையாளம். டிகாக்ஸினை நிறுத்திவைத்து ஃபோன் செய்ய வேண்டிய காரணம் அல்ல. "இதற்காக நான் டிகாக்ஸினைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரை அழைப்பேனா?" என்று கேட்டால் தானாக விலகிவிடும். பொதுவாக "இது முக்கியமா?" என்று கேட்டால் விலகாது. ஸ்டெம்மில் உள்ள 'கொடுப்பதற்கு முன்' என்பதுபோன்ற நேரச் சொல்லையும் உங்கள் ஆமாம்-இல்லைக் கேள்விக்குள் கட்டாயம் சேர்த்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

தெரிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் பழக்கத்தையும் இந்தக் கேள்விகளுக்கு மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள். ஒரே விடைக் கேள்வியில் நாலையும் ஒப்பிட்டு மிகச் சிறந்ததை எடுப்போம், அங்கே அது சரி. இங்கே ஒவ்வொரு தெரிவும் தனித்தனி வழக்கு. இரண்டாவது சரி என்பதால் அதைப்போலவே ஒலிக்கும் ஐந்தாவதும் சரியாகிவிடாது. மூன்றாவது ரொம்பப் பலமான விடை என்பதால் சாதாரணமாகத் தெரியும் ஆறாவது தவறாகிவிடாது. பயிற்சியின்போது ஒரு வெள்ளைத்தாளால் மற்ற தெரிவுகளை மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிப் படியுங்கள். சில நாளில் தாள் இல்லாமலே கண் அப்படிப் பழகிவிடும்.

குறித்து முடித்ததும் ஒருமுறை ஸ்டெம்மின் கடைசி வாக்கியத்தைத் திரும்பப் படித்து, குறித்தவற்றை மட்டும் அதோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். ஒரு சொல்லைத் தவறாகப் படித்தது தெரிந்தால் மாற்றுங்கள். 'ரெண்டுதானே வந்திருக்கு' என்ற உறுத்தலுக்காக மாற்றாதீர்கள். என்க்ளெக்ஸில் அடுத்த கேள்விக்குப் போனபின் திரும்பி வர முடியாது, ஆகவே முடிவு அங்கேயே முடிந்துவிட வேண்டும். ஐந்து மணி நேரத்தில் அதிகபட்சம் 150 கேள்விகள். சராசரியாக ஒன்றுக்கு இரண்டு நிமிடம். ஆறு தெரிவுகளையும் இப்படி ஆமாம்-இல்லை போட அது போதும். பத்துத் தெரிவுவரை வரும் கேள்விகளும் உண்டு, அவற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகும்.

திரையில் 'செலக்ட் ஆல்' என்பதற்குப் பதிலாக ஒரு எண்ணைச் சொல்லி, உதாரணமாக 'மூன்றைத் தேர்ந்தெடுக்கவும்' என்று வந்தால் மேலே சொன்ன கணக்கு செல்லாது. அங்கே தவறான தெரிவுக்குக் கழிவு இல்லை, சரியானதுக்கு ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். அதனால் உறுதி இல்லாவிட்டாலும் மூன்றையும் நிரப்பிவிடுங்கள். வரிக்கு ஒரே ஒரு விடை குறிக்கும் அட்டவணைக் கேள்விகளும் இதே விதிதான். ஒரே வரியில் பல கட்டங்களைக் குறிக்க விடும் அட்டவணையும், பத்தியில் சொற்களைக் குறித்துக் காட்டும் கேள்வியும் கூட்டல்-கழித்தல் விதியில் வருபவை.

(வேறு தேர்வு எழுதும் வாசகர்களுக்கு: இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கேட் தேர்வில் பலவிடைக் கேள்விக்குக் கழிவும் இல்லை, பகுதி மார்க்கும் இல்லை. அங்கே வெறுமையாக விடுவதில் அர்த்தமே இல்லை. ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் சரியானவற்றில் சிலதை மட்டும் குறித்தால் பகுதி மார்க் உண்டு, தவறான ஒன்றைத் தொட்டாலும் மொத்தமாகக் கழிவு. படிக்கும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றே, சந்தேகத்தில் எடுக்கும் முடிவுதான் மாறும்.)

இனி உங்களுக்கு ஒரு வேலை. பயிற்சிக் கேள்வி போடும்போது நோட்டில் ஒவ்வொரு தெரிவுக்கும் விடையைப் பார்க்கும் முன்பே மூன்றில் ஒரு குறி போடுங்கள்: உறுதியான ஆமாம், உறுதியான இல்லை, சந்தேகம். சந்தேகம் என்றால் ஆமாம் பக்கமா, இல்லை பக்கமா என்றும் ஓர் அம்புக்குறி. ஒரு முப்பது, நாற்பது கேள்வி முடிந்ததும் 'சந்தேகம், ஆமாம் பக்கம்' என்று போட்டவற்றை மட்டும் எண்ணுங்கள். அப்படி 40 இருந்து, அவற்றில் 26 உண்மையிலேயே சரி என்று வைத்துக்கொள்வோம். குறித்திருந்தால் 26 கூடும், 14 கழியும். 12 மார்க் லாபம். உங்கள் உள்ளுணர்வு நம்பத்தக்கது, தேர்வில் அப்படிப்பட்டதைக் குறியுங்கள். 40-இல் 15 மட்டுமே சரி என்றால் 10 மார்க் நஷ்டம். அப்போது உங்கள் 'இருக்குமோ' என்பது பயத்தின் குரல். இன்னும் உறுதி வரும்வரை விட்டுவிடுவது நல்லது. இந்த எண் ஆளுக்கு ஆள் மாறும், பாடத்துக்குப் பாடமும் மாறும்: மருந்தியலில் நம்பத்தக்க உள்ளுணர்வு உள்ள ஒருவருக்கு மனநலப் பாடத்தில் அது இருக்காது.

தவறிய தெரிவு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணத்தையும் ஒரு சொல்லில் எழுதுங்கள்: பாடம் தெரியவில்லை, ஸ்டெம்மைத் தவறாகப் படித்தேன், தெரிவில் இல்லாததைச் சேர்த்தேன். முதலாவதற்குப் புத்தகத்துக்குத் திரும்ப வேண்டும். மற்ற இரண்டுக்கும் புத்தகம் உதவாது; கடைசி வாக்கியத்தை ஆமாம்-இல்லைக் கேள்வியாக எழுதிவிட்டுத்தான் தெரிவுகளைத் திறப்பது என்று ஒரு வாரம் கட்டாயமாக வைத்துக்கொள்ளுங்கள். இதோடு, நீங்கள் பயன்படுத்தும் கேள்வி வங்கி எந்த விதியில் மார்க் போடுகிறது என்று அதன் செட்டிங்ஸில் பார்த்துவிடுங்கள். பழைய எல்லாம்-அல்லது-பூஜ்யம் முறையில் இருந்தால், திரை காட்டும் சதவீதத்தை ஒதுக்கிவிட்டுக் கூட்டிக் கழித்து நீங்களே மார்க் போட்டுக்கொள்ளுங்கள்.